நாய் அழகுதான், பட்டை எங்கே?

விற்பனைக்காகக் கழுத்துப்பட்டை, தீனிக் கிண்ணம் போன்றவற்றை விலங்கோடு சேர்த்துப் படமெடுக்கும்போது வரும் கோளாறுகள் பலவிதமாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். எந்தப் படத்திலும் நம் கண் முதலில் முகத்தைத் தேடும். முகத்தில் கண்களைத் தேடும். நாய் முகமானாலும் பூனை முகமானாலும் அப்படித்தான். கேமராவின் தானியங்கி ஃபோகஸும் இப்போது அதையே செய்யப் பழகிவிட்டது. அதனால் பொருளுக்கு முதலிடம் வேண்டுமென்றால் முகத்திடமிருந்து ஏதாவது ஒன்றைப் பறித்தாக வேண்டும்: கூர்மை, வெளிச்சம், நேர்ப்பார்வை, சட்டத்தில் அது பிடிக்கும் இடம், இவற்றில் ஒன்று அல்லது இரண்டு. நான்கையும் பறித்துவிட்டால் விலங்கு வெறும் ஸ்டாண்டு ஆகிவிடும். அப்படி எடுப்பதற்கு ஒரு பொம்மையே போதும்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க முதலில் ஒரு சின்னச் சோதனை. படத்தைக் கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரையை அணைத்துவிடுங்கள். மனதில் நிற்பது 'சிவப்புப் பட்டை போட்ட நாய்' என்றால் படம் சரி. 'அழகான நாய்' மட்டும்தான் நிற்கிறது என்றால் கோளாறு இருக்கிறது. அடுத்து, படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து நாயின் முகத்தை விரலால் மறைத்துப் பாருங்கள். முகம் மறைந்ததும் பட்டை பளிச்சென்று தெரிந்தால், பட்டையில் குறையில்லை, முகம்தான் அதை அமுக்குகிறது. மறைத்த பிறகும் பட்டை மந்தமாகவே இருந்தால் சிக்கல் பட்டையிலேயே இருக்கிறது: ஃபோகஸ் தப்பியிருக்கும், அல்லது நிழலிலோ முடியிலோ அது புதைந்திருக்கும். கீழே உள்ளவற்றில் எங்கே போய்ப் பார்ப்பது என்பதை இந்த இரண்டு சோதனைகளும் சொல்லிவிடும்.

அறிகுறி: கண்கள் கூர்மை, பட்டை மங்கல்

இதுதான் அதிகம் வருவது. காரணம் எளிது. விலங்கின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி கேமராவில் இயங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எங்கே குறி வைத்தாலும் அது கண்ணுக்கு ஓடிவிடுகிறது. முதல் வேலை அதை அணைப்பது. பிறகு ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, அந்தப் புள்ளியைப் பக்கிளின் மேலோ பெயர்த்தகடு தொங்கும் வளையத்தின் மேலோ வையுங்கள். பட்டையின் வெறும் நாடாப் பகுதியில் வைத்தால் சில கேமராக்கள் பிடிப்பு கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடும். உலோக விளிம்பில் வெளிச்சமும் நிழலும் பிரிந்து நிற்பதால் அங்கே சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ஆழம். முழுச்சட்ட சென்சார் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், நாய் 1.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். f/2.8 வைத்தால் கூர்மையாக விழும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய 5 செ.மீ.தான். நாய் நேராக நம்மைப் பார்த்து உட்காரும்போது அதன் கண்கள் பட்டையைவிட முன்னால் இருக்கும். நடுத்தர உயர நாயில் இந்த இடைவெளி சாதாரணமாக 10 செ.மீ.யைத் தாண்டும். அதனால் f/2.8-இல் கண்ணும் பட்டையும் ஒருசேரக் கூர்மையாக வர வழியே இல்லை. f/8-க்குப் போனால் ஆழம் 15 செ.மீ. அளவுக்கு விரியும், இரண்டும் உள்ளே வந்துவிடலாம்.

அப்படியானால் எப்போதும் f/8 வைத்துவிடலாமா? வைக்கலாம், ஆனால் அப்போது முகமும் முழுக் கூர்மையோடு வந்து பழைய போட்டியைத் தொடங்கிவிடும். f/2.8-இல் பட்டையில் ஃபோகஸ் வைத்தாலோ, நம்மையே பார்க்கும் கண்கள் பாதி மங்கலாகி, படம் தவறிப்போனது போலத் தெரியும். பார்ப்பவர் அதை உத்தி என்று எடுத்துக்கொள்ள மாட்டார். ஃபோகஸ் விடுபட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். என் தேர்வு இரண்டுக்கும் நடுவே f/5.6, அதோடு நாயின் உடலைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிவிடுவது. தலை பக்கவாட்டில் திரும்பியதும் கண்ணும் கழுத்தின் பக்கமும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்துக்கு வந்துவிடுகின்றன. மங்கிய கண் என்ற தொல்லை தீர்கிறது, நேர்ப்பார்வையும் போய்விடுகிறது, பட்டையின் நீளமும் அதிகமாகத் தெரிகிறது.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. அங்கே சென்சார் சிறியது, ஆழம் தானாகவே போதுமான அளவு இருக்கும். கெடுப்பது போர்ட்ரெய்ட் மோடு. அது கணக்குப் போட்டுப் பின்னணியை மங்கலாக்கும்போது, முகத்தை மட்டும் முக்கியம் என்று எடுத்துக்கொண்டு பட்டையின் ஓரத்தையும் தொங்கும் தகட்டையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். அதை அணைத்துவிட்டு, பட்டையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிக்கொண்டு எடுங்கள்.

அறிகுறி: பட்டை கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கண் முகத்துக்கே போகிறது

முகத்தை விரலால் மறைத்தால் பட்டை நன்றாகத் தெரிகிறது. விரலை எடுத்ததும் காணாமல் போகிறது. கோளாறு இப்படியிருந்தால் ஃபோகஸைத் தொட வேண்டாம். பார்வையிலிருந்து தொடங்குங்கள்.

லென்ஸையே பார்க்கும் நாய் நம்மோடு பேசத் தொடங்கிவிடுகிறது, பட்டை இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. நாயைப் பிடித்துக்கொண்டிருப்பவரை கேமராவுக்குப் பின்னால் நிறுத்துவதுதான் இதற்கு முதல் காரணம். அவரை வெளிச்சம் வரும் பக்கமாக, கேமராவிலிருந்து சுமார் 45 பாகை தள்ளி, நாயின் கண் மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் உட்கார வையுங்கள். நாய் அவரைப் பார்க்கும், மோவாய் கொஞ்சம் உயரும், பட்டை திறந்து தெரியும். கையில் தின்பண்டம் இருக்கலாம், ஆனால் தலைக்கு மேலே தூக்கிக் காட்டக் கூடாது. மோவாய் அதிகம் உயர்ந்தால் கண்ணில் வெள்ளை தெரிந்து நாய் பதற்றமாக இருப்பது போல ஆகிவிடும். முடி நீளமான நாயில் தொண்டை முடி சரிந்து பட்டையை மூடவும் செய்யும்.

அடுத்தது வெளிச்சம். முகத்துக்கும் பட்டைக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் வெல்வது முகம்தான். விளக்குக்கும் நாயின் நெற்றிக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்து, முகத்துக்கு வரும் வெளிச்சத்தைப் பாதியாக, அதாவது ஒரு ஸ்டாப் குறைத்தால் போதும். அட்டையை விளக்குக்கு அருகில் பிடித்தால் நிழலின் விளிம்பு மென்மையாக இருக்கும்; நாய்க்கு அருகில் கொண்டுவந்தால் விளிம்பு கோடு போட்டது போல விழும், நாயும் அட்டையைத்தான் பார்க்கும். ஒரு ஸ்டாப்புக்கு மேல் குறைத்தால் நாய் சோகமாகத் தெரியத் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

இந்த இரண்டும் போதாதபோது வெட்டுங்கள். மூக்கு நுனியிலிருந்து நெஞ்சு வரை மட்டும் சட்டத்தில் வைத்து, கண்களுக்குக் கீழே படத்தை முடித்துவிடலாம். கண்கள் இல்லாவிட்டாலும் மூக்கும் மூடிய வாயும் தளர்ந்த தோளும் 'அமைதியான நாய்' என்று சொல்லிவிடும். கண்ணுக்கு நடுவில் வெட்டுவது மட்டும் கூடாது. ஒன்று முழுக் கண்ணும் இருக்கட்டும், இல்லையென்றால் கண்ணே வேண்டாம்.

அறிகுறி: பட்டை முடியிலோ நிழலிலோ புதைந்துவிடுகிறது

முகத்தை மறைத்த பிறகும் பட்டை எழும்பவில்லை, ஃபோகஸும் சரியாக இருக்கிறது என்றால் இது. மேலிருந்து வரும் வெளிச்சத்தில் மோவாயின் நிழல் நேராகப் பட்டையின் மேல் விழுகிறது. விளக்கை நாயின் கண் மட்டத்துக்கு இறக்கி, நெஞ்சுக்கு முன்னால் தரையில் ஒரு வெள்ளை அட்டையைப் படுக்க வையுங்கள். கீழிருந்து எழும்பும் அந்த வெளிச்சம் முகத்தைவிடக் கழுத்துக்குத்தான் அதிகம் போய்ச் சேரும், அதனால் முன்னே சொன்ன போட்டிக்கும் உதவும். தரையில் புல் இருந்தால் வெள்ளை நாயின் மோவாயில் பச்சைச் சாயல் ஏறும். வெள்ளை அட்டை அதையும் தடுத்துவிடும்.

முடி விஷயத்தில் முடிந்தவரை நாயை மாற்றுங்கள். பொருளுக்குத் தக்க நாயைத் தேடுவது, கிடைத்த நாயில் பொருளை மாட்டிப் போராடுவதைவிட எளிது. கறுப்புப் பட்டைக்கு வெளிர் நிறக் குறுமுடி நாய், சிவப்புப் பட்டைக்குச் செம்பழுப்பு அல்லாத எந்த நாயும். நீள்முடி நாய்தான் இருக்கிறது என்றால், பட்டையைக் கழற்றிவிட்டு, லேசாக நனைத்த சீப்பால் கழுத்து முடியைக் கீழ்நோக்கிப் படிய வாரி, அதன் மேல் பட்டையைப் போட்டு, மேல் விளிம்பில் விழும் முடியை மட்டும் விரலால் பின்னுக்குத் தள்ளுங்கள். சுற்றளவு முழுவதும் தெரிய வேண்டியதில்லை. கேமராவின் பக்கம் பக்கிளோடு சேர்ந்த ஒரு வளைவு தெரிந்தால் போதும்.

படத்தில் எடுப்பாக நிற்கட்டும் என்று பட்டையை ஒரு துளை இறுக்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது வழக்கமான அளவு. இறுக்கிய பட்டை முடியில் பள்ளம் போட்டு, நாய் வளர்ப்பவர் கண்ணுக்கு உடனே தட்டுப்படும். வளையத்தின் எடையால் பக்கிள் கீழே சுழன்றுவிடுகிறது என்றால், பிடரியில் பட்டைக்கு அடியில் சின்னத் துணித் துண்டு ஒன்றைச் செருகுங்கள். அந்த உராய்வு பட்டையை நிறுத்திவிடும். அப்புறம், புதிய பட்டையைப் படம் எடுக்கும் நேரத்தில்தான் முதல்முறையாக மாட்டுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். விறைப்பாக நிற்கும், நாயும் பின்னங்காலால் சொறிந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் முன்பே போட்டுவிட்டு அதை மறந்துபோக விடுங்கள்.

அறிகுறி: கிண்ணத்துக்குள் தலை, அல்லது கிண்ணம் குறுக்கே வந்த பொருள் மாதிரி

கிண்ணத்தில் நாய் சாப்பிடுவதுபோல எடுத்தால் இயல்பாக இருக்கும் என்று தோன்றும். எடுத்துப் பார்த்தால் கிண்ணத்தின் பாதியை மூக்கு மறைத்திருக்கும், உள்பக்கம் நிழலாக இருக்கும், விளிம்பெல்லாம் எச்சில். சாப்பிடும் காட்சி இரண்டாவது மூன்றாவது படத்துக்கு இருக்கட்டும். முதன்மைப் படத்துக்கு நாய் கிண்ணத்தின் பின்னால் படுத்திருப்பதுதான் பொருந்தும். ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்: துருப்பிடிக்காத எஃகுக் கிண்ணம், பழுப்பு நிறக் குறுமுடி நாய், பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம்.

முதலில் நாய் இல்லாமல் கிண்ணத்தை மட்டும் வைத்து முடித்துவிட வேண்டும். கேமரா ட்ரைபாடில், கிண்ணத்திலிருந்து 2 மீட்டர் தூரத்தில், 70 மி.மீ. லென்ஸ். உயரம் முக்கியம். தரையோடு தரையாக வைத்தால் கிண்ணத்தின் வெளிச்சுவர் மட்டும் தெரியும். உள்ளே எவ்வளவு ஆழம், எவ்வளவு கொள்ளும் என்று தெரியாது. நேர் மேலிருந்து எடுத்தால் அது வெறும் வட்டம். கேமராவைக் கிண்ணத்தைவிட 15 முதல் 20 பாகை மேலிருந்து சற்றுக் கீழே பார்க்கும்படி வைத்தால் விளிம்பு நீள்வட்டமாக விரிந்து, சுவரும் உள்பக்கமும் ஒன்றாகக் கிடைக்கும். அகலக் கோண லென்ஸால் நெருங்கிப்போய் எடுத்தால் கிண்ணம் இன்னும் பெரிதாக வருமே என்று கேட்கலாம். வரும்தான், ஆனால் பின்னாலிருக்கும் நாயின் தலை கிண்ணத்தைவிடச் சிறிதாகத் தெரியும். வாங்குபவர் அளவைத் தப்பாகக் கணித்து வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புவார்.

எஃகு கண்ணாடி போல எதிரே உள்ளதையெல்லாம் காட்டும். கேமராவும் உங்கள் சட்டையும் அறையின் கதவும் அதில் இருக்கும். போலரைஸர் வடிகட்டி இங்கே உதவாது. மெருகிட்ட பீங்கானில் வரும் பளபளப்பைக் குறைக்கும், வெற்று உலோகத்தின் பிரதிபலிப்பில் அதன் பாச்சா பலிக்காது. எஃகுக்கு மருந்து, அது எதைக் காட்ட வேண்டுமோ அதை எதிரே வைப்பதுதான். கேமராவின் இரு பக்கமும் பெரிய வெள்ளை அட்டைகளை நிறுத்துங்கள். கிண்ணம் வெண்மையாக, சுத்தமாகத் தெரியும், ஆனால் விளிம்பு பின்னணியோடு கரைந்து சாம்பல் நிறப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். இப்போது இரு வெள்ளை அட்டைகளின் வெளி ஓரத்தில் கையகலக் கறுப்பு அட்டைத் துண்டை ஒட்டுங்கள். கிண்ணத்தின் இரு ஓரங்களிலும் மெல்லிய கருங்கோடு ஓடும். அது வந்த பிறகுதான் எஃகு எஃகாகத் தெரியும்.

தீனியை நிரப்பும்போது அடியில் சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் போடுங்கள். அப்போது தீனி விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை எழும்பி நிற்கும். இல்லாவிட்டால் இந்தக் கோணத்தில் கிண்ணம் காலியாகவே தெரியும். கிண்ணத்தின் அடியை ஒட்டும் களிமண்ணால் தரையோடு நிலைநிறுத்திவிடுங்கள்.

இனி அப்பர்ச்சர் f/8, ஃபோகஸ் கிண்ணத்தின் முன் விளிம்பில். வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் கைமுறைக்கு மாற்றிப் பூட்டி, வெறும் கிண்ணத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். அது பின்னால் கைகொடுக்கும்.

அதற்கப்புறம் நாய். ஏற்கெனவே சாப்பிட்ட நாயாக இருக்கட்டும். பசித்த நாயைக் கிண்ணத்துக்குப் பின்னால் காக்க வைப்பது அதற்கும் கொடுமை, உங்களுக்கும் கொடுமை. கிண்ணத்துக்கு அரை மீட்டர் பின்னால், நேர் பின்னால் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி, ஜன்னல் பக்கம் தலை திருப்பிப் படுக்க வையுங்கள். மேலே சொன்ன லென்ஸ், தூரம், f/8-இல் கூர்மையின் ஆழம் 40 செ.மீ. அளவுக்கு வரும், அதில் ஏறக்குறைய பாதிதான் கிண்ணத்தின் முன் விளிம்புக்குப் பின்னால் விழும். அதனால் கிண்ணம் முழுக் கூர்மை, நாயின் முகம் லேசான மென்மை; நாய் என்று தெளிவாகத் தெரியும், முடி முடியாகத் தெரியாது. நாய் ஜன்னலைப் பார்ப்பதால் நேர்ப்பார்வையும் இல்லை. கிண்ணம் சட்டத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கட்டும். எஃகின் ஓரத்தில் நாயின் பழுப்பு நிறம் சற்றுப் பிரதிபலித்தால் அழிக்க வேண்டாம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

நாய் எழுந்து வந்து கிண்ணத்தை முகர்ந்து அசைத்துவிட்டதா? அல்லது பிடிப்பவரின் கை சட்டத்தில் வந்துவிட்டதா? முதலில் எடுத்த வெறும் கிண்ணப் படம் இதற்குத்தான். கேமரா நகராமல் இருந்தால் இரண்டையும் அடுக்காக வைத்து, கிண்ணப் பகுதியை ஒன்றிலிருந்தும் நாயை மற்றதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். நாயின் கால் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் இது சிரமம். முடியின் ஓரமும் நிழலும் ஒட்டாது. கழுத்துப்பட்டைக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டை அழுத்தும் இடத்தில் முடி படிந்து, மேலும் கீழும் பிதுங்கி நிற்கும். தனியாக எடுத்து ஒட்டிய பட்டையில் அந்தப் பிதுக்கம் இருக்காது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் நாய் நன்றாக இல்லை

ஃபோகஸ், வெளிச்சம், இடம் எல்லாம் பொருந்தியும் படம் உறுத்தினால் காதையும் வாயையும் பாருங்கள். பின்னுக்குப் படிந்த காது, இறுகிய வாய், கண்ணோரத்தில் பிறைபோல் தெரியும் வெள்ளை, தூக்கிய முன்னங்கால்: இவை நாய் சங்கடத்தில் இருப்பதன் அடையாளங்கள். தூக்கமில்லாத நேரத்துக் கொட்டாவியும், தீனி இல்லாதபோது உதட்டை நக்குவதும் அதே கணக்குதான். அழகாக நாக்கை நீட்டுகிறது என்று அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. பூனையில் பக்கவாட்டில் படியும் காது, அடித்துக்கொள்ளும் வால், வெளிச்சம் இருந்தும் விரிந்தே இருக்கும் கண்மணி. பாதி மூடிய கண், மெதுவான இமைப்பு, தரையில் ஒருபக்கமாகச் சாய்ந்த இடுப்பு ஆகியவை அமைதியின் பக்கம்.

இதைக் கணினியில் திருத்த முடியாது. நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். ஃப்ளாஷ் மின்னுகிறதென்றால் தொடர்ந்து எரியும் விளக்குக்கு மாறுங்கள். ஷட்டர் சத்தமும் ஃபோகஸ் பீப்பும் காதைத் திருப்புகின்றன என்றால் அமைதி மோடுக்குப் போகலாம். ஆனால் எல்.இ.டி. விளக்கின் கீழ் அந்த மோடில் படத்தின் குறுக்கே மங்கிய கோடுகள் விழலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் அந்த வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை சிமிட்டும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் அந்தக் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். 60 ஹெர்ட்ஸுக்கு 1/120 அல்லது 1/60, கேமராவில் 1/125 இருந்தால் அதுவே போதும். இவ்வளவு மெதுவான ஷட்டருக்குப் படுத்திருக்கும் நாய் ஒத்துவரும். மூச்சிரைக்கும் நாய் ஒத்துவராது, பெயர்த்தகடு ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு 1/250-ஆவது வேண்டும், ஜன்னல் வெளிச்சத்துக்கே திரும்பிவிடுவது நல்லது.

பூனையை நாய் மாதிரி நிறுத்தி வைக்க நினைக்காதீர்கள். அது வழக்கமாகப் படுக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, விளக்கையும் கிண்ணத்தையும் அங்கே கொண்டுபோங்கள். ஐந்து பத்து நிமிடம் எடுப்பது, பிறகு விட்டுவிடுவது. எழுந்து போனால் போகட்டும். வெறும் கிண்ணப் படமும் பூட்டிய கேமராவும் அப்படியே இருக்கின்றன, அது திரும்பி வந்து படுக்கும்போது தொடரலாம்.

கடைசியாக வரும் சில்லறைக் கோளாறுகள்

பட்டையின் நிறம் கையிலிருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஜன்னல் வெளிச்சமும் அறை விளக்கும் கலந்திருக்கும். ஒன்றை அணைத்துவிட்டு, சாம்பல் அட்டையை நாயின் கழுத்துக்கு அருகில் பிடித்து ஒரு படம் எடுத்து அதை வைத்துச் சரிசெய்யுங்கள். பளீர் சிவப்பு, நெசவே தெரியாமல் ஒரே திட்டாக வந்தால் சிவப்பு அலைவரிசை நிரம்பி வழிந்திருக்கிறது. வெளிச்ச அளவை அரை ஸ்டாப் குறைத்து மறுபடி எடுக்க வேண்டும். கறுப்பு நாய் சாம்பலாக வருகிறது என்றால் தானியங்கி அளவீடு ஏமாந்துவிட்டது. கைமுறையில் அளவைக் குறைத்து, பின்பக்கத்திலிருந்து ஒரு ஓர வெளிச்சம் கொடுங்கள், உடலின் கோடு தனியாக எழும்பும். நைலான் நெசவில் வானவில் மாதிரி அலைக்கோடுகள் தெரிந்தால் கேமராவைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள், கோணத்தை லேசாக மாற்றுங்கள். அது பெரும்பாலும் தூரத்துக்கும் நெசவு அடர்த்திக்கும் உள்ள பொருத்தத்தால் வருவது. படம் எடுப்பதற்கு முன்பே பட்டையில் ஒட்டிய முடியை ஒட்டு உருளையால் நீக்கிவிடுங்கள், ஆனால் நாயின் மேல் இருக்கும்போது உருட்ட வேண்டாம். கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி மாட்டுங்கள்.